ஆறு மணி சோதனை

முப்பத்தோரு வருடம் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் மடியையும் தடவிப் பார்த்தவர் அவர். காப்பர் கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனவனை நடையை வைத்தே பிடித்தார். சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் திருகாணி வைத்தவளை, டப்பா குலுங்கிய சத்தத்தில் பிடித்தார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எக்ஸ்ரே'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும், உள்ளூர அதில் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு கடத்தல்காரர் ஆனார் என்றால் பழைய ஆட்கள் சிரித்தே செத்துப்போவார்கள். சரக்கு சாக்லேட். வாங்குகிறவள் ஆறு வயதுப் பேத்தி, வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர்.

பள்ளி வேன் சிட்டுவை மூன்றரைக்குத் தாத்தா வீட்டு வாசலில் இறக்கிவிடும். அவருடைய மகள் அலுவலகம் முடிந்து ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவாள். இடைப்பட்ட இரண்டரை மணி நேரம்தான் கிழவருக்கு முழு நாள். காலையிலிருந்து மூன்றரை வரை அவர் செய்வதெல்லாம் மூன்றரைக்காகக் காத்திருப்பதுதான்.

இந்த இரண்டரை மணி நேரத்துக்கு மருமகன் ஒரு சட்டம் எழுதி, அச்சடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். வார நாட்களில் இனிப்பு கிடையாது. திரை அரை மணி நேரம், அதுவும் வீட்டுப்பாடம் முடிந்த பிறகு. சாப்பிடும்போது திரை கூடவே கூடாது. சும்மா போட்ட சட்டமில்லை. சிட்டுவுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை அடைத்தாயிற்று. டேப்லெட்டைப் பிடுங்கினால் தரையில் புரண்டு அழுகிற பழக்கமும் வந்திருந்தது.

"நாம வளர்க்காத பிள்ளையா? இவங்க என்னமோ ஜெயில் மாதிரி பேப்பர் ஒட்டுறாங்க" என்றார் கிழவர்.

"ஒட்டிட்டுப் போறாங்க. நாம என்ன படிக்கவா போறோம்?" என்றாள் மனைவி.

இனிப்புத் துறை அவருக்கு, திரைத் துறை மனைவிக்கு. டேப்லெட்டைத் தொட்டால் எத்தனை நிமிடம் ஓடியது என்று மகளின் போனுக்குத் தகவல் போய்விடும். அதனால் மனைவி தன் சொந்தப் போனைக் கொடுத்தாள். தட்டில் சோறும் கண்ணில் கார்ட்டூனும் இருந்தால் சிட்டு எதைக் கொடுத்தாலும் வாயைத் திறப்பாள், என்ன சாப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியாது. நடுவில் விளம்பரம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும், அரை மணி ஒன்றரை மணியாகும். சமையல் குறிப்பு காட்டிக்கொண்டிருந்த போன், பொம்மைப் பெட்டி பிரிக்கிற வீடியோக்களாகவே காட்ட ஆரம்பித்தது. மனைவி தினமும் பார்த்ததையெல்லாம் அழித்துவைக்கக் கற்றுக்கொண்டாள். வங்கிச் செயலியைத் திறக்கக் கற்றுக்கொடுக்க மகள் இரண்டு வருடம் படாத பாடு பட்டிருந்தாள். இதைக் கிழவி ஒரே மத்தியானத்தில் கற்றாள்.

போனை வாங்கினால் அழுகை வரும், முகம் வீங்கும். ஆகவே ஐந்தரைக்கே வாங்கிவிட வேண்டும், ஆறுக்குள் முகம் காய்ந்துவிடும். சாக்லேட்டை நாலு மணிக்குமேல் கொடுக்கக் கூடாது, ராத்திரிச் சோற்றை ஒதுக்கினால் மாட்டிக்கொள்வோம். ஆனாலும் ஒதுக்கினாள். "ஸ்கூல்ல நல்லா சாப்பிடறா போல" என்று கிழவர் போனில் மகளுக்கு விளக்கம் சொன்னார்.

ஐந்து ஐம்பதுக்குச் சோதனை. தொழிலை மறக்க முடியுமா? சிட்டு கூடத்தின் நடுவே நின்று இரண்டு கையையும் தூக்குவாள். சட்டைப் பை, ஸ்கூல் பையின் பக்கவாட்டு அறை, காலுறை, எல்லாவற்றிலும் சாக்லேட் உறையைத் தேடுவார். விரல்களை முகர்ந்து பார்ப்பார். வாய் கொப்பளித்தாயிற்றா?

"திறந்து காட்டு. ம். போகலாம்."

சிட்டுவுக்கு இது ஒரு விளையாட்டு. தாத்தாவிடம் பழைய கதைகள் கேட்டுக் கேட்டு, யார் எதை எங்கே ஒளித்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் கொஞ்சம் சீக்கிரம் வந்தாள். சோதனைக்கு நேரமில்லை. அம்மாவைப் பார்த்ததும் சிட்டு, பழக்கம் பாருங்கள், நேராக நின்று இரண்டு கையையும் தூக்கினாள். பையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சுற்று சுற்றி வாயை 'ஆ'வென்று திறந்தாள்.

"என்னடி பண்றே?"

"செக்கிங்மா."

"சாக்லேட் சாப்பிட்டியா?"

"இல்லையேம்மா" என்றாள் சிட்டு, கண் இமைக்காமல். பற்களின் இடுக்கில் அப்போதும் பழுப்பு ஒட்டியிருந்தது.

அந்த முகத்தைக் கிழவருக்குத் தெரியும். காப்பர் கம்பி சுற்றியவனுக்கும் இதே முகம்தான், ஆனால் அவனுக்கு அது வர நாற்பது வயதானது.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார்.

"சாக்லேட் கொடுத்தீங்க, சரி. என்கிட்ட பொய் சொல்ல எதுக்குப்பா சொல்லிக்கொடுத்தீங்க?"

"நான் எங்கேம்மா சொல்லிக்கொடுத்தேன்? சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

மகள் தன் பையிலிருந்து, முன்பே வாங்கிவைத்திருந்த ஒரு படிவத்தை எடுத்தாள். பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் மாலை நேரத்துக்கு இடம். எல்லாம் நிரப்பியிருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. சட்டத்தின் மேலேயே காந்தத்தை வைத்து ஒட்டினாள்.

"இன்னும் ஒரு தடவை நடந்தா, கையெழுத்துதான்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிழவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தன் போனில் இருந்த கார்ட்டூனையெல்லாம் நீக்கினாள், உண்மையாகவே நீக்கினாள்.

திங்கட்கிழமை சிட்டு நாலு தடவை கேட்டாள். கெஞ்சினாள், போனுக்காகத் தரையில் புரண்டாள், "நீ கெட்ட தாத்தா" என்றாள். அவர் அசையவில்லை. சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு இருவரும் பழைய அட்டைப் பெட்டியில் ஒரு தொழிற்சாலை கட்டினார்கள், வாசல் இல்லாமல். இவ்வளவு நல்ல மத்தியானம் இதுவரை அமைந்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

ஆறு மணிக்கு மகள் வந்தாள். சிட்டு கையைத் தூக்கினாள். பையில் ஒன்றுமில்லை, வாய் சுத்தம். மகள் லேசாகச் சிரித்தாள். கிழவருக்கு உயிர் வந்தது.

"அப்படியே நீங்களும் தூக்குங்க, பார்ப்போம்" என்றாள் விளையாட்டாக.

முப்பத்தோரு வருடத்தில் அவரை யாரும் சோதித்ததில்லை. சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். தூக்கும்போதுதான் சட்டைப் பை கனத்தது. காலை நடையில், கடைக்காரன் வழக்கம்போல் நீட்டிய சாக்லேட்டை இவரும் வழக்கம்போல் வாங்கிப் போட்டிருந்தார்.

மகள் அதை எடுத்துப் பார்த்தாள். உறை பிரிக்கப்படவில்லை.

"கொடுக்கறதுக்கு இல்லம்மா. மறந்து பையில போட்டுட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு நினைவு வந்தது. ஒட்டுநாடா ஒரே ஒரு சுருளோடு பிடிபட்ட பேக்கிங் பெண் இதையேதான் சொன்னாள், ஏறக்குறைய இதே சொற்களில். 'எல்லாரும் சொல்றதுதான்' என்று அறிக்கையில் எழுதினார். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

"தாத்தா தரலம்மா. நாலு தடவை கேட்டேன். நிஜமா தரல" என்றாள் சிட்டு, கண் இமைக்காமல். வெள்ளிக்கிழமை பார்த்த அதே முகம்.

மகள் குழந்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். யாரை நம்புவது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. காந்தத்தை விலக்கிப் படிவத்தை எடுத்து, மேஜையில் வைத்து, பேனாவுக்காகப் பையில் துழாவினாள்.

வாசல் காவலில் நின்றவர் சட்டையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். கிழவர் அதை எடுத்து மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.