மே மாதத்துப் பாதி வாடகை

செஞ்சியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதி, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடி. நான்கு கட்டில்கள். மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஒரு கட்டிலுக்கு மாதம் நாலாயிரத்து எண்ணூறு. நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட அங்கேயே போய்விடும். ஆனாலும் பள்ளிக்கு நடந்தே போகலாம், இட்லி இட்லியாகவே இருக்கும் என்பதால் அந்த இடத்தை விட எனக்கு மனமில்லை. எனக்கு வேறு போக்கிடமும் இல்லை. அந்த வாடகைக்குச் சாப்பாடு போடுகிற வேறு இடம் ஊரில் கிடையாது.

கரண்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. மாடிக்குத் தனி மீட்டர். இரண்டு மாதத்துக்கு நானூறு யூனிட் வரை வாடகையிலேயே அடக்கம். அதைத் தாண்டினால் கூடுதல் பணத்தை நான்கு கட்டிலும் பிரித்துக் கட்ட வேண்டும். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் போலீஸ் மாதிரி கண்காணிப்போம். தலைக்குக் குளிக்க ஹீட்டர் போட்டவளை ஒரு வாரம் பேசியே கொன்றுவிடுவோம்.

மே மாதம்தான் எனக்குக் கண்டம். எங்கள் பள்ளியில் பதினோரு மாதச் சம்பளம்தான். மே மாதம் கை காலி. ஊருக்குப் போனாலும் கட்டிலைப் பிடித்து வைக்கப் பாதி வாடகை கட்ட வேண்டும். சாப்பாடு கிடையாது. கட்டவில்லை என்றால் ஜூனில் கட்டில் வேறு ஆளுக்குப் போய்விடும். நாங்கள் நால்வருமே கட்டினோம். வீட்டுக்கார அக்கா நியாயமாகத்தான் சொன்னார்: "மாடி காலியா கிடந்தா எனக்கு லோன் யாரு கட்டுவா டீச்சர்?" நான் வந்தவாசிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன்.

மாத நடுவில் அட்மிஷன் வேலைக்கு ஒரு நாள் வரச் சொல்லிப் பள்ளியிலிருந்து போன் வந்தது. அது அமாவாசைக்கு மறுநாள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தேன். என் கட்டில்தானே, குளித்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறினேன்.

என் கட்டிலில் ஒரு அம்மாள் இரண்டு குழந்தைகளைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று கட்டில்களிலும் ஆட்கள். கோயிலில் இரவெல்லாம் கண் விழித்துவிட்டு, பஸ் பிடிக்கும் வரை படுக்க வந்தவர்கள். நான்கு ஃபேனும் முழு வேகத்தில் ஓடின. குளியலறையில் தண்ணீர் கொட்ட, கீழே மோட்டார் இரைந்தது. ஒரு பெண் எழுந்து, "நீங்களும் ரூமுக்கு வந்தீங்களா? ஆளுக்கு எரநூறு வாங்குறாங்க," என்றார்.

அசந்து தூங்குகிற குழந்தையை எழுப்பி நான் யாரிடம் நியாயம் கேட்பது? பையோடு பள்ளிக்குப் போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். அக்காவைப் பார்க்கவில்லை.

ஜூனில் திரும்பி வந்ததும் அக்கா போனை நீட்டினார். ஏப்ரலும் மேயும் சேர்ந்த பில், ஐந்நூறு யூனிட்டைத் தாண்டியிருந்தது. தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் இல்லை, அதற்குக் கீழே ஓடிய யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். கூடுதலை நான்காகப் பிரித்தே வைத்திருந்தார்.

நாங்கள் நால்வரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் போன நேரம். நான் கேட்டுவிட்டேன். "அக்கா, மே மாசம் நாங்க யாரும் இல்லவே இல்லையே?"

"இல்லன்னா இன்னா? பாதி வாடகை குடுத்திருக்கீங்க. பெட்டு உங்க பேர்லதான இருந்துச்சு?"

"என் பேர்ல இருந்த பெட்டுல யாரோ படுத்துட்டுப் போனாங்களே, அந்தக் காசு யார் பேர்லக்கா போச்சு?"

அக்காவின் முகம் சுருங்கியது. ஆனால் குரல் ஏறவில்லை. "இஷ்டம் இல்லன்னா காலி பண்ணிக்கோங்க டீச்சர். நர்சிங் புள்ளைங்க ரெண்டு பேர் கேட்டுனே இருக்குதுங்க. ஐந்நூறு சேத்தே தராங்களாம்."

நான் மற்ற மூவரையும் பார்த்தேன். யாராவது ஒருத்தி வாயைத் திறப்பாள் என்று நிஜமாகவே நம்பினேன். ஒருத்தி போனை எடுத்துத் தன் பங்கை அனுப்பிவிட்டாள். அடுத்தவளும் அனுப்பினாள். மூன்றாமவள் என்னிடம், "விடுங்க டீச்சர், டென்ஷன் எதுக்கு," என்றாள்.

ஜூன் சம்பளம் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. கையில் இருந்தது தம்பியிடம் வாங்கிய பணம். அதிலிருந்து அனுப்பினேன்.

"வந்துடுச்சு டீச்சர்," என்று அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார். "உக்காருங்க, சாம்பார் ஆறுது."

ஆத்திரத்தில் சாப்பிடாமலே போய்விட வேண்டும் என்றிருந்தது. ஆனால் இந்த மாதச் சாப்பாட்டுக்கு முழு வாடகை கட்டியாயிற்று. உட்கார்ந்தேன். இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கினேன்.