வரலட்சுமி பார்க்காத கால்

விஜயபுரம் மண்டலத்தில் ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள் வரலட்சுமி. அம்மா அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பறித்தே அவளை நர்சிங் படிக்க வைத்தாள். சித்தூரில் மூன்று வருஷம் வேலை செய்தாள். பிறகு திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாள். 2019-ல் அவளுக்கு முப்பது வயது. சவுதிக்குப் போகும் காகிதங்கள் ஏறக்குறைய தயார். பலூன் பம்பு, எக்மோ மாதிரி இதயத்துக்குத் துணை நிற்கும் கருவிகளெல்லாம் கையாளத் தெரிந்தவள் என்று பிரிவின் தலைவர் டாக்டர் சுரேஷ்பாபு எழுதித் தர வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு அதெல்லாம் தெரியும் என்பது பொய்யில்லை. கெட்டிக்காரி. தெரியாதவள் செய்திருந்தால் இத்தனை அவமானம் இல்லை.

அந்த வாரம் கிருஷ்ணம்மா வந்தாள். ஐம்பத்தைந்து வயது. பெரிய மாரடைப்பு. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. இடது தொடை இடுக்கின் தமனி வழியாக பலூன் பம்பு போட்டார்கள். இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக் குழாய்க்குள் நீளமான பலூன் ஒன்று கிடக்கும். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் ஹீலியம் வாயு அதை உப்ப வைக்கும். இதயத்தின் சொந்தத் தமனிகளுக்கு ரத்தம் தள்ளப்படும். இதயம் அடுத்து சுருங்கும் முன் பலூன் சட்டென்று சுருங்கி வழிவிடும். இதயத்துக்குச் சுமை குறையும். நேரம் தப்பினால் உதவியே உபத்திரவமாகிவிடும். வரலட்சுமி திரையில் அலைகளைப் பார்த்தாள். நேரம் சரி. வாயுக் குழாயில் ரத்தத் துளி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தால் பலூன் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். இல்லை.

இன்னொரு வேலையும் உண்டு. தொடையில் இறங்கிய குழாய் காலுக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடலாம். அதனால் மணிக்கு ஒரு முறை பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். வீங்கினால் இறுக்கும் என்பதால் கால் விரலில் எதுவும் இருக்கக் கூடாது.

கிருஷ்ணம்மாவின் விரல்களில் மெட்டி. காலை எட்டு மணிக்கு நாடி பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள் வரலட்சுமி. வாசலில் நின்றிருந்த புருஷன் கங்கையா கையெடுத்துக் கும்பிட்டார்.

"வோணாம் பாப்பா. நான் உசுரோட நின்னுகினு கீறேன். அத்தக் கழட்டாத."

சித்தூரில் ஒருத்திக்கு ஆபரேஷனுக்கு முன் மெட்டியைக் கழற்றியவள் வரலட்சுமிதான். அந்தப் பெண் ஆபரேஷன் மேசையிலேயே செத்துப் போனாள். வீட்டுப் பெண்கள் வராண்டாவில் நின்று, "சுமங்கலி கால்ல மெட்டியப் புடுங்கினவ இவதான்" என்று இவளைக் காட்டினார்கள். அதிலிருந்து மெட்டி போட்ட காலைக் கண்டால் அவள் கை பின்வாங்கும்.

"சரி நைனா, இருக்கட்டும்" என்று போர்வையை இழுத்துப் பாதத்தை மூடிவிட்டாள்.

ஒன்பதுக்குப் போர்வையைத் தூக்கவில்லை. பத்துக்கும் இல்லை. அட்டவணையில் 'நாடி உண்டு' என்று எழுதினாள். பதினொன்றுக்குக் கிருஷ்ணம்மா முனகினாள்.

"காலு மரத்துகினு போவுது, பாப்பா."

"பலூன் போட்டா அப்படித்தான் இருக்கும். ஆட்டாதீங்க."

'நாடி உண்டு' என்றே மத்தியானம் ஒரு மணிவரை எழுதினாள்.

இரண்டு மணிக்கு டாக்டர் போர்வையைத் தூக்கினார். கால் வெளுத்து, தொட்டால் சில்லென்றிருந்தது. ரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்கும் டாப்ளர் கருவியில் சத்தமே இல்லை.

"மெட்டி ஏன் கழட்டல?"

"அவங்க வீட்டுக்காரர் வேணாம்னுட்டார் சார்."

சொன்னது உண்மைதான். அதனாலேயே அது பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. டாக்டர் கங்கையா பக்கம் திரும்பினார்.

"ஏமய்யா, கால் முக்கியமா, மெட்டி முக்கியமா?"

கங்கையா தலையைக் குனிந்துகொண்டார். ஏற்கெனவே குள்ளமான மனுஷர். இன்னும் குள்ளமாகிப் போனார்.

பலூனை எடுத்தார்கள். ரத்தநாள சர்ஜன் உறைந்த ரத்தக் கட்டியை வெளியே இழுத்தார், நாடி திரும்பியது. அட்டவணைப்படி ஒரு மணி நேர அடைப்புதான் என்று, நீண்ட அடைப்பென்றால் வீக்கம் இறுகாமலிருக்கச் செய்வதுபோல் கெண்டைச் சதையைக் கீறித் திறக்காமல் விட்டார். ஆனால் இதயம் இன்னும் தேறவில்லை. மயக்கத்தில் வைத்து மூச்சுக் கருவி மாட்டி, வலது கால் வழியாகச் சின்ன பம்பு ஒன்றை இதயத்தின் இடது அறைக்குள் வைத்தார்கள். அறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி பெரிய குழாயில் விடும் சுழல் பம்பு அது. இடம் நகர்ந்தால் ரத்த அணுக்களை அரைத்துவிடும், சிறுநீர் சிவக்கும்.

மறுநாள் காலை சிறுநீர் கோலா நிறத்தில் வந்தது. எக்கோ பார்த்துப் பம்பை ஒரு சென்டிமீட்டர் இழுத்தார் டாக்டர். மத்தியானம் வரை நிறம் மாறவில்லை. கங்கையாவைக் கூப்பிட்டார்.

"இந்த பம்பு ரத்தத்தைக் கெடுக்குதுன்னு நெனைக்கிறேன். எடுத்துட்டு எக்மோ போடலாம். உடம்புலேருந்து ரத்தத்த வெளிய எடுத்து, மிஷின்ல ஆக்சிஜன் ஏத்தி, தமனிக்குள்ள திருப்பித் தள்ளும்."

"அது நல்லதுங்களா?"

"உசுரப் பிடிச்சு வைக்கும். ஆனா பலமில்லாத இதயத்துக்கு எதிரா தள்ளுது. இதயம் உப்பி, நுரையீரல்ல தண்ணி கோக்கலாம். ரத்தம் ஒழுகலாம், மூளைல கட்டி அடைக்கலாம். கால்ல தடியான குழாய் வைக்கணும். அந்தக் காலுக்கே தனியா ஒரு சின்னக் குழாய்ல ரத்தம் விடணும். நல்ல கால் ஒண்ணுதான் மிச்சம்."

"என்னாலதான் சாமி" என்றார் கங்கையா. "கழட்ட வுட்டிருந்தா இன்னேரம் எழுந்து உட்காந்துகினு இருப்பா."

வரலட்சுமி கட்டிலருகே நின்றாள். அன்று போர்வையை அவளே தூக்கினாள். இடது கெண்டைச் சதை கல்லாக இருந்தது. காலையில் எடுத்த ரத்த மாதிரி மேஜையில் தெளிந்து நின்றது. பம்பு அணுக்களை அரைத்திருந்தால் மேலே நிற்கும் நீர் சிவந்திருக்க வேண்டும். அது மஞ்சளாக இருந்தது. சிறுநீரின் நிறம் பம்பிலிருந்து வரவில்லை. செத்துக்கொண்டிருக்கும் கால் சதையின் சாயம் சிறுநீரில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் சதை அப்படிச் சாகாது.

சொன்னால் வேலை போகும், சவுதி போகும். சொல்லாவிட்டால் பாழாய்ப் போன காலை விட்டுவிட்டு நல்ல காலில் குழாய் இறக்குவார்கள்.

"சார், அந்த அட்டவணை பொய். எட்டு மணிக்கு அப்புறம் நான் கால்ல கையே வைக்கல. ஆறு மணி நேரம் அடைச்சிருக்கலாம்."

டாக்டர் அவளைப் பார்த்தார். ரத்த மாதிரி இருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சர்ஜனைக் கூப்பிடு" என்றார் இன்னொரு நர்ஸிடம். வரலட்சுமியை நோக்கி ஒரே வார்த்தை: "வெளியே."

அன்று மாலை முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள். எக்மோ போடவில்லை. சிறுநீரகத்துக்கு ஆறு நாள் டயாலிசிஸ் நடந்தது. அதற்குள் இதயம் தேறி, பம்பையும் எடுத்தார்கள். கிருஷ்ணம்மா பிழைத்தாள்.

வரலட்சுமியைச் சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில் பொய் எழுதியதை மறுக்கவில்லை. டாக்டர் எழுதித் தரவேண்டிய கடிதம் வரவில்லை, சவுதியும் இல்லை. ஓர் ஆண்டு கழித்து அதே ஆஸ்பத்திரியின் பொது வார்டில், குறைந்த பதவியில் எடுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் அவளை வெளியே அனுப்பிய அன்று மாலை, ஆஸ்பத்திரி வாசலில் கங்கையா உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"மெட்டியக் கழட்டியிருந்தா கால் பொழச்சிருக்குமா? அத்த மட்டும் சொல்லு."

"இல்ல நைனா. அடைச்சது தொடைல இருந்த குழாய். மெட்டி இல்ல."

"நேத்து நீ வாய மூடிகினு நின்ன."

"ஆமா."

"ராவெல்லாம் நானு அவ காலப் பாழாக்கினேன்னு நெனச்சிகினு படுத்திருந்தேன்" என்றார். வேட்டியை உதறி எழுந்தார். "போ, பாப்பா. எனக்கு உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல."

அவள் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனாள்.