பேரையூர்க்காரனின் பத்து நிமிடம்

எம்.ஏ. பொருளாதாரக் கருத்தரங்கில் நாங்கள் நால்வர் ஒரு குழு. ஆளுக்குப் பத்து நிமிடம். பேசுகிறவனுக்குத்தான் மதிப்பெண். முந்தின நாள் எங்களில் ஒருவனான பேரையூர்க்காரனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

விடுதியில் அவன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவன் பகுதியைப் பங்கு போட்டோம். கூலிச் சட்டம் ஒருவனுக்கு, அட்டவணைகள் இன்னொருவனுக்கு. அவன் ஊரில் கூலியாட்களிடம் நேரில் கேட்டு எழுதியதை நான் எடுத்துக்கொண்டேன். சபை நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான். எனக்கு அந்த மோப்பம் அப்போதே உண்டு.

"மாப்ள, அதுல முத ஆளு எங்க அம்மா. நான் எடுத்ததுன்னு மட்டும் சொல்லிரு. சார் ஏதாச்சும் மார்க்கு போடுவாரு. இல்லன்னா பெயிலுதான்."

"நீ படுத்துக் கெட. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் அவன் அம்மா பேசுவதுபோலவே பேசிக் காட்டினேன். அரங்கம் சிரித்தது. ஊரைச் சிரிக்கவைத்த என் முதல் நகைச்சுவை அது.

"நேர்ல போய்க் கேட்டியாப்பா?" என்றார் பேராசிரியர்.

"ஆமா சார்."

சாயங்காலம் விடுதிக்குப் போனேன்.

"சொன்னியா மாப்ள?"

"எம்புட்டோ சொன்னேன். வராதவனுக்கு சைபர்தானாம்."

மஞ்சள் கண்களால் என்னைப் பார்த்தான்.

"எனக்காக அவர்ட்ட மல்லுக்கட்டியிருக்கியே, அது போதும் மாப்ள" என்றான்.