துண்டுக்கடியில் கேட்ட விலை

என் வீட்டுக்காரர் வேலையை விடப் போவதாகச் சொல்லிவிட்டு வந்த அன்று நான் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை எடுக்கவும் முடியவில்லை, அவரை ஏசாமல் இருக்கவும் முடியவில்லை. களி ஒரு பக்கம் அடிப்பிடித்தது.

ஆம்பூரில் அப்போது தெருவுக்கு ஒரு தோல் பதனிடும் ஷாப் இருந்தது. அவர் வேலை பார்த்தது பாலாற்றங்கரைப் பக்கம் இருந்த ஒரு பெரிய ஷாப்பில். பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமாகி வந்த தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, தடவி, மடக்கி, முதல் தரம், ரெண்டாம் தரம், மூணாம் தரம் என்று பிரிப்பதுதான் அவர் வேலை. ஷாப்பில் அவரை மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு எல்லாம் அவர் கைக்குத் தெரிந்துவிடும். அவர் பிரித்த தோலைக் கட்டாகக் கட்டி, சாக்கு சுற்றித் தைத்து, ஷாப்பின் மார்க்கைக் குத்தி மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து சீமைக்குக் கப்பல் ஏறும். வாங்குகிறவன் ஒவ்வொரு தோலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மார்க்கை நம்பித்தான் வாங்குகிறான்.

இந்த நம்பிக்கையில்தான் வினை வந்தது. முதலாளியின் மச்சான் அந்த ஷாப்பில் கட்டு கட்டும் இடத்துக்குப் பொறுப்பு. என் வீட்டுக்காரர் தரம் பிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, மச்சான் மூணாம் தரத்தில் கொஞ்சத்தை எடுத்து முதல் தரக் கட்டின் நடுவில் செருகிவிடுவார். ஒருநாள் மெட்ராஸ் தரகர் ஒருவர் வந்து, ஷாப் முற்றத்தில் எல்லார் முன்னாலும் ஒரு கட்டைப் பிரித்து அந்தத் தோல்களை வெளியே இழுத்துப் போட்டார். "இதைப் பிரிச்சது யாரு?" என்று கேட்டார். பிரித்தவர் என் வீட்டுக்காரர்தானே, எல்லாரும் இவரைத்தான் பார்த்தார்கள். மச்சான் வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா நின்றாராம். முதலாளிக்கு விஷயம் தெரியும். தெரிந்தும், அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்துப் பேரணாம்பட்டில் ஒரு ஷாப்காரர் இவரைக் கூப்பிட்டனுப்பினார். சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி. இருக்க ஒரு வீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டு தைத்து முடியும் வரை இவர் பக்கத்திலேயே இருக்கலாம், இவர் சரி என்று சொன்ன பிறகுதான் மார்க்கு விழும். இவர் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் இங்கே வந்து முதலாளியிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். வேறு யார் வாயிலிருந்தும் முதலாளி கேட்கக்கூடாது என்று முதல் ஆளாக அவரிடமே போய்ச் சொன்னார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தி.

"அங்க கூப்பிட்றாங்கன்னு இங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவங்களே சம்பளத்தை ஏத்தியிருப்பாங்கல்ல?" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லல. ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இன்னொருத்தர்கிட்ட விலை பேசறது எனக்கு வராது."

"இப்போ ஏத்தித் தரேன்னு சொன்னா?"

"நான் போறேன்னு சொன்ன பொறவு தர்றதை நேத்தே தந்திருக்கலாம்ல. நேத்தும் இதே கைதானே?"

பதில் தெரியாத இடத்தில் நான் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பது வழக்கம். அன்றைக்கும் வைத்தேன்.

மறுநாள் நான் நினைத்த மாதிரியே ஆயிற்று. முற்றத்தில் பச்சைத்தோல் விற்க வந்த தரகர்கள், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர்கள், பட்டை இடிக்கிறவர்கள் என்று ஷாப் நிறைய ஆட்கள். முதலாளி வந்து இவர் எதிரில் உட்கார்ந்து தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்தார். தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவர் கையும் துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்து அழுத்துவதில்தான் தொகை, எதிராளி விரலை மடக்கினால் சம்மதம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுச் சந்தையிலும் இதே வழக்கம்தான். ஆனால் ஒரு மனிதனின் சம்பளத்தைத் துண்டுக்கடியில் பேசியதை அந்த ஷாப் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளிக்குப் பழகிய வழி அதுதான். ஒருவருக்கு ஏற்றியது தெரிந்தால் மறுநாள் அத்தனை பேரும் வந்து நிற்பார்களே.

கையை நீட்டாமல் இருந்தால் எல்லார் முன்னாலும் முதலாளிக்கு அவமானம். அதனால் இவர் நீட்டினார். முதலாளி ஒரு தொகையை அழுத்தினார். இவர் விரல் அசையவில்லை. பேரணாம்பட்டுச் சம்பளத்துக்கு மேலே ஏற்றி அழுத்தினார். அசையவில்லை. இன்னும் ஏற்றினார். உள்ளே அந்தக் கை விரித்தது விரித்தபடியே இருந்தது. பிறகு இவர் கையை எடுத்து, தன்னை இவ்வளவு மதித்ததற்காக முதலாளிக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்தச் சலாம்தான் பேஜாராகிவிட்டது. துண்டுக்குள் நடந்தது இருவருக்குத்தான் தெரியும். வெளியே நின்றவர்கள் கண்டது கை உள்ளே ரொம்ப நேரம் இருந்ததும், எழுந்ததும் சலாம் போட்டதும்தான். தோல் மண்டியில் வியாபாரம் படிந்தால் அப்படித்தான் எழுவார்கள். மேஸ்திரி தங்கிவிட்டார் என்று முற்றமே முடிவு கட்டிவிட்டது.

அன்று பகலில் முதலாளி இவரைத் தனியாகக் கணக்கு அறைக்குக் கூப்பிட்டார்.

"துண்டுல ஒண்ணும் சொல்லல. வாயால சொல்லுங்க மேஸ்திரி. வீடு வேணுமா? பெரிய மேஸ்திரின்னு பேர் வேணுமா? தர்றேன்."

"நீங்க சொன்னதெல்லாம் ரொம்பப் பெரிசு மொதலாளி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நான் பிரிச்ச கட்டை, தைக்கற வரைக்கும் வேற யாரும் தொடக்கூடாது. இதைத் தந்தீங்கன்னா, பேரணாம்பட்டுக்காரர் கால்ல விழுந்தாவது வார்த்தையைத் திருப்பி வாங்கிட்டு வர்றேன். சம்பளம் பழைய சம்பளமே போதும்."

முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தாராம். அப்புறம், "முடியாது மேஸ்திரி. அவன் என் பொஞ்சாதி கூடப் பொறந்தவன். முடியும்னு இப்போ சொல்லிட்டு, நாலு மாசத்துல நீங்க மறுபடியும் தலை குனிஞ்சு நிக்கறதை என்னால பார்க்க முடியாது" என்றார்.

இதை இவர் வீட்டில் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. சரி என்று ஒரு சொல் சொல்லி இவரைப் பிடித்து வைத்திருக்கலாம். பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை முதலாளிகள் அப்படிச் செய்கிறார்கள். இந்த மனிதர் முடியாததை முடியாது என்று சொன்னார். அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது.

ரெண்டு நாள் போயிருக்கும். பேரணாம்பட்டிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரர் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்தினார்.

"இன்னா மேஸ்திரி, இங்கயே தங்கிட்டீங்களாமே? அந்த மொதலாளி காதுக்குப் போய்ட்டுது. வார்த்தை தவறின ஆளு வேணாம்னு குடியாத்தத்துலேர்ந்து வேற ஒருத்தரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்காரு."

இங்கே வேலையை விடுகிறேன் என்று சொல்லியாயிற்று. அங்கே கதவு சாத்தியாயிற்று. அதைவிட, வார்த்தை தவறினவன் என்ற பேர். பாலாற்றங்கரை முழுக்கத் தோல்காரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் வாணியம்பாடி போனாலும் ராணிப்பேட்டை போனாலும் கூடவே வரும்.

நான் மெதுவாகச் சொன்னேன். "இங்க அவர் சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கு. போய் சரின்னு சொல்லிடுங்களேன். பசங்க இருக்காங்க."

அவர் என்னைக் கோபிக்கவில்லை. "இப்போ போய் சரின்னு சொன்னா அவங்க சொன்னதே நெசமாப்பூடும்" என்றார். விடிந்ததும் பேரணாம்பட்டுக்கு நடந்தே போய் நேரில் சொல்லிவிட்டு வருவதாகத் தீர்மானித்தார். நம்புவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. துண்டுக்குள் கை அசையவில்லை என்று கையின் சொந்தக்காரனே போய்ச் சொன்னால் எவன் நம்புவான்?

விடியற்காலம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. முன்பக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரர் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது.

"ஏறுங்க மேஸ்திரி. வீட்டம்மாவும் வரட்டும், பேரணாம்பட்டுல அவங்க குடுக்கற வீட்டைப் பார்க்கணும்ல."

பசங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் பின்பக்கம் ஏறிக்கொண்டேன். அந்த மனிதர் சும்மா இருந்திருந்தாலே போதும். இவருக்குப் போக்கிடம் இல்லாமல் போயிருக்கும், வேறு வழியில்லாமல் பழைய மேசைக்கே வந்து நின்றிருப்பார், ஒரு காசு ஏற்ற வேண்டியதில்லை. பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. இதெல்லாம் எனக்கே தெரிந்தபோது ஷாப் நடத்துகிறவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஜட்காவைப் பூட்டச் சொல்லியிருக்கிறார். வழி நெடுக இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பட்டை விலையைப் பற்றியும்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இந்த இரண்டு பேரில் யார் பெரியவர் என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேரணாம்பட்டு ஷாப்காரர் தாடி நரைத்த பெரியவர். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் இவர் பக்கம் திரும்பவில்லை. அங்கே கட்டு கட்டும் இடத்துக்குப் பொறுப்பான அவருடைய மூத்த மகன் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நான் வாசலோரமே நின்றுகொண்டேன். உள்ளே பேசியது நன்றாகக் கேட்டது.

எங்கள் முதலாளி உட்காரவில்லை. "துண்டு என்னுது. விலை ஏத்தினதும் நான்தான். ஏத்தி ஏத்திப் பார்த்தேன், இவர் ஒரு விரலைக்கூட மடக்கல. எனக்கு மரியாதைக்கு சலாம் வச்சாரு, அதைப் பார்த்துட்டு ஜனங்க தப்பாப் பேசிட்டாங்க. உங்களுக்குக் குடுத்த வார்த்தை அப்படியே இருக்கு" என்றார்.

பெரியவர் அப்போதுதான் இவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "இப்படிப்பட்ட ஆளை நீங்களே கூட்டியாந்து விடறீங்களே. ஏன் விட்றீங்க?"

இதற்கு எங்கள் முதலாளி எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. எதிரில் இருப்பவர் ஒரே சந்தையில் போட்டிக்கு நிற்கிற வியாபாரி.

"இவர் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, பிரிச்ச கட்டைத் தொடாதீங்கன்னு. என் சொந்தக்காரன்கிட்ட அதைச் சொல்ல எனக்கு தைரியம் இல்லை. உங்களுக்கு இருந்தா இவரை வச்சுக்குங்க. இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற இடம் பார்த்து சேர்த்துட்டுப் போறேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் கல்லாப்பக்கம் திரும்பி, அங்கே நின்ற தன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் மெல்லத் தலையாட்டிவிட்டு, குடியாத்தத்து ஆளை வர வேண்டாம் என்று சொல்லியனுப்ப ஒரு பையனைக் கூப்பிட்டான்.