அறுபது நொடிக் கருணை

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எங்கள் அலுவலகத்தில் பகல் பன்னிரண்டே முக்கால் மணி போன் செய்யும் வேளையாக இருந்தது. தில்லை நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனம் அது. திருச்சியைச் சுற்றியுள்ள ஆறு கல்லூரிகளுக்கு வருகைப்பதிவு, மதிப்பெண், கால அட்டவணை ஆகியவற்றைக் கவனிக்கும் செயலியை நாங்கள் நடத்தினோம். சர்வர் என் பொறுப்பு. செயலியில் ஒரு சிறிய திருத்தத்தை ஏற்றினாலும், ஓடிக்கொண்டிருப்பதை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டியிருந்தது. அந்த நேரத்தில் யாராவது ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தால், அவருடைய கோரிக்கை பாதியில் அறுந்துபோகும். ஆகவே ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆறு கல்லூரிகளையும் ஒவ்வொன்றாக அழைப்பேன்.

ஐந்து கல்லூரிகளில், "ஒண்ணும் இல்லைங்க, நிறுத்திக்கங்க" என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆறாவதில் கால அட்டவணைக்குப் பொறுப்பாக இருந்த கணிதப் பேராசிரியை மட்டும் எப்போதும் ஏதாவது ஒன்றின் நடுவில் இருப்பார்.

"இரும்மா, ரெண்டு நிமிஷம். ஒரு கையில தயிர் சாதம், ஒரு கையில கீபோர்டு."

நான் காத்திருப்பேன். விசைகளின் ஓசை போனில் கேட்கும். "ம், முடிஞ்சுது. இப்ப நிறுத்து" என்பார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டில் என்றைக்கு என்ன பொரியல் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞர் சேர்ந்தார். நிறுத்தாமலேயே மாற்றிக்கொள்ளும் ரீலோட் முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். எங்கள் செயலியின் நான்கு பிரதிகள் சர்வரில் ஒரே சமயத்தில் ஓடும். வங்கியில் நான்கு கவுண்டர்கள் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பழைய முறையில் நான்கு பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பி அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்குவோம். புதிய முறையிலோ முதல் கவுண்டரில் இருப்பவர் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு எழுந்துபோவார். புதிய திருத்தத்தை அறிந்த ஒருவர் அந்த இடத்தில் வந்து அமர்ந்த பின்னரே இரண்டாமவரின் முறை வரும். மற்ற கவுண்டர்கள் திறந்தே இருப்பதால் வாசலில் யாரும் நிற்கவேண்டியதில்லை.

நான்கைந்து நாள் பார்த்தோம். ஒருவரிடமிருந்தும் புகார் வரவில்லை. நான் போன் செய்வதை விட்டுவிட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு மேசையிலேயே டப்பாவைத் திறந்து, நிதானமாகச் சாப்பிட்டு, கையிலிருக்கும் நாவலில் பத்துப் பக்கம் படிக்கவும் முடிந்தது. அது நல்ல காலம் என்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் மாதம் கல்லூரிகள் திறந்தன. திறந்த முதல் வாரத்தில் எல்லாரும் எதையாவது மாற்றச் சொல்வார்கள். இளைஞர் காலையெல்லாம் திருத்துவார். சரியாக ஒரு மணிக்கு நான் ரீலோட் கொடுப்பேன். அந்த வியாழக்கிழமை மூன்று மணிவாக்கில் கணிதப் பேராசிரியை தாமாகவே அழைத்தார்.

"ஏம்மா, இன்னும் அங்கதான் இருக்கியா?"

"இங்கதான் மேடம் இருக்கேன். ஏன் கேக்குறீங்க?"

"போனே காணுமே, வேலையை விட்டுட்டியோன்னு நெனச்சேன்."

"இப்பல்லாம் நிறுத்தறதே இல்ல மேடம். ஓடறப்பவே மாத்திடறோம். யாருக்கும் தெரியாது." என் குரலில் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அப்படியா, நல்லது. எனக்கு ஒரு சின்ன சந்தேகம். ஒரு டீச்சருக்கு அஞ்சு நாளும் முதல் பீரியட் வேண்டாம்னு போட்டா, உங்க ப்ரோக்ராம் ஒத்துக்காதா?"

விஷயத்தை அவர் விளக்கினார். அவர் துறையில் ஓர் இளம் விரிவுரையாளர் முசிறியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். கைக்குழந்தை உண்டு. கணவருக்கு வெளியூரில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதன் பிறகு பஸ் பிடித்து வந்தால் ஒன்பது மணி வகுப்புக்கு ஒருபோதும் வந்து சேர முடியாது.

"நான் பாத்துக்கறேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். மூணு நாளா போட்டுப் பாக்குறேன். சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் மன்னிக்கவும்னு ஒரு பக்கம் வருது. அந்த ஒரு நிபந்தனையை எடுத்துட்டா முக்கால் நிமிஷத்துல அட்டவணை வந்துடுது. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள பிரின்சிபால் கையில குடுக்கணும். நடக்காதுன்னா அந்தப் பொண்ணுகிட்ட இன்னிக்கே சொல்லிடலாம்."

"சொன்னா அவங்க என்ன செய்வாங்க?"

"விட்டுட்டுப் போயிடுவா. வேற என்ன செய்வா?"

அந்த அட்டவணை நிரலை நான் அறிவேன். அமைக்கவே முடியாத நிபந்தனையாக இருந்தால், எந்த நிபந்தனை இடிக்கிறது என்று அது விவரமாகச் சொல்லும். மன்னிப்புக் கேட்கும் பக்கம் அதனுடையதல்ல. பின்னால் இருக்கும் பிரதி பதில் சொல்லாமலேயே செத்துப்போனால், வாசலில் நிற்கும் வெப் சர்வர் காட்டுகிற பக்கம் அது.

"எத்தனை மணிக்கு மேடம் பட்டனை அமுத்துனீங்க?"

"எப்பவும் போல சாப்பாட்டு நேரத்துலதான். பன்னெண்டு அம்பத்தஞ்சு இருக்கும். மத்த நேரம் க்ளாஸ், நாலு மணிக்கு டிபார்ட்மெண்டைப் பூட்டிடுவாங்க. இதோ, இப்பவும் மணி அடிச்சாச்சு."

"இன்னிக்கு அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். நான் பாத்துட்டுச் சொல்றேன்."

சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்று நாளும் ஒரே மாதிரி மூன்று வரிகள். ஒரு மணிக்கு ரீலோட். ஒரு மணி ஒரு நிமிடத்துக்கு ஒரு பிரதி பலவந்தமாகக் கொல்லப்பட்டது. அதே நொடியில் அந்தக் கல்லூரிக்கு மன்னிப்புப் பக்கம்.

கையிலுள்ள வேலையை முடிக்கட்டும் என்று காத்திருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் சர்வர் மென்பொருளில் அந்த எல்லைக்கு வைத்திருக்கும் பெயரே மெர்சி, அதாவது கருணை. நாம் எதுவும் எழுதாவிட்டால் அது அறுபது நொடி. அட்டவணை போடும் வேலைக்குப் பத்து நிமிடம் வரை ஆகலாம் என்று முன்பே கணக்கிட்டு, சாதாரண நேரத்தில் அதை யாரும் வெட்டாதபடி அமைத்தவளும் நான்தான். ரீலோட் முறைக்கு மாறியபோது இந்த இன்னோர் எல்லையை எழுத மறந்தவளும் நான்தான். எளிய அட்டவணை முக்கால் நிமிடத்தில் முடிந்து தப்பித்துக்கொண்டது. முசிறிக்காரருக்கான நிபந்தனையைச் சேர்த்ததும் நிரல் ஏழெட்டு நிமிடம் தேடவேண்டியிருந்தது. தேடிக்கொண்டிருந்த பிரதியை நான் தினமும் ஒரு மணிக்கு எழுந்துபோகச் சொல்லி, ஒரு நிமிடம் பொறுத்து, கொன்றிருக்கிறேன். நிபந்தனைகளும் அந்தக் கோரிக்கையோடே போனவை. ஆகவே நானே மறுபடி ஓட்டிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

இளைஞரிடம் காட்டினேன். அவர் நாற்காலியோடு நகர்ந்து வந்து பார்த்தார்.

"ஒருத்தங்கதானே அக்கா? நாளைக்கு ஒரு மணிக்கு ரீலோட் பண்ணாம விட்டுடலாம்."

"நாளைக்கு ஒரு மணிக்கு வருகைப்பதிவுத் திருத்தம் போகணும்னு நீதானே இன்னொரு காலேஜுக்கு வாக்குக் குடுத்திருக்கே?"

"குடுத்திருக்கேன்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. "அப்ப மெர்சியைக் கூட்டிடுங்க. பத்து நிமிஷம் வைங்க."

"வெச்சாச்சு. ஆனா ரீலோட் பண்ணா அது எடுத்துக்காது."

நாங்கள் கையாண்ட ரீலோட் முறை பிரதிகளை மட்டுமே மாற்றும். அவற்றை மேய்க்கும் தலைமை நிரல், வங்கி மேலாளரைப் போல, மாறாமல் அப்படியே இருக்கும். பொறுமையின் அளவை மனத்தில் வைத்திருப்பதோ அந்தத் தலைமை. அதற்குப் புதிய அளவு தெரியவேண்டுமானால் அதையே நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். கருணையைக் கூட்டுவதற்கு முழு ரீஸ்டார்ட் தேவைப்பட்டது. இளைஞர் சிரித்துவிட்டார்.

"அப்ப போனை எடுங்க அக்கா. உங்க பழைய வேலை."

மாலை ஆறு மணிவரை காத்திருந்தால் யாரையும் அழைக்கத் தேவையில்லை. ஆனால் தவறு என்னுடையது. அதை அவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு எண்களையும் வரிசையாக அழைத்தேன். "அடடே, ரொம்ப நாளாச்சே" என்றார்கள் மூன்று இடங்களில். ஒரு கல்லூரியில் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தவருக்காக எட்டு நிமிடம் பொறுத்தேன். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கினேன். இருபது நொடி ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் பேராசிரியையே போன் செய்தார்.

"அமுத்திட்டேன். நீ எதையும் தொடாதே."

"ஒரு மணிக்குத் தொடுவேன் மேடம். ஆனா உங்களுதுல கை வைக்க மாட்டேன். போனை வைக்காதீங்க."

ஒரு மணிக்கு ரீலோட் கொடுத்தேன். முதல் பிரதி எழுந்துபோய்ப் புதிது வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அசையவில்லை. பேராசிரியையின் வேலை அதன் கையில்தான் இருந்தது. நான்காவது அதன் பின்னால் தன் முறைக்காகக் காத்தபடி, பழைய நிரலுடனேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அறுபது நொடி கடந்தது. மூன்றாவது உயிரோடிருந்தது.

அதற்குள் இளைஞரின் போன் ஒலித்தது. வருகைப்பதிவுத் திருத்தம் கேட்ட கல்லூரிக்காரர். பக்கம் ஒரு தடவை திருத்தத்தோடு வருகிறது, இன்னொரு தடவை பழையபடி வருகிறது என்றார். புதிய பிரதிகளும் பழையதும் மாறி மாறிப் பதில் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

"அஞ்சு நிமிஷம் இருங்க சார்" என்றார் இளைஞர். "ஒருத்தர் மட்டும் இன்னும் பந்தியிலேர்ந்து எழுந்துக்கலை."

என் காதில் பேராசிரியை எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன மேடம்?"

"கொத்தவரங்காய். பேச்சை மாத்தாதே. இன்னும் சுத்துதும்மா."

"சுத்தட்டும் மேடம்."

ஒரு மணி இரண்டு நிமிடம் ஆனபோது அவர் மெல்லுவதை நிறுத்தினார். என் திரையில் மூன்றாவது பிரதி வேலையை முடித்து விடைபெற்றது. நான்காவதும் அதைத் தொடர்ந்தது.

"வந்துடுச்சு" என்றார் அவர். வாசித்துப் பார்க்கும் முணுமுணுப்பு கேட்டது. "அஞ்சு நாளும் அவளுக்கு முதல் பீரியட் இல்ல. நாலு நாள் முதல் பீரியட்டை என் தலையில கட்டியிருக்கு உன் ப்ரோக்ராம்."

"மன்னிக்கவும் மேடம்."

"அதை நீயும் சொல்லாதே, மூணு நாளா பாத்தாச்சு. நான் காலேஜுக்குப் பின்னால தெருவுலதானே இருக்கேன், வந்துட்டுப் போறேன். வைக்கறேன், அந்தப் பொண்ணு எதிர்லதான் உக்காந்திருக்கா."

அன்று மாலை ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நாவலைப் பிரிக்காமலேயே காவிரிப் பாலத்தைக் கடந்தேன்.

பின்னர் அட்டவணை போடும் வேலையைத் தனி வரிசைக்கு மாற்றிவிட்டோம். பொத்தானை அழுத்தியவுடன் பக்கம் திரும்பிவிடும், பின்னணியில் கணக்கு நடக்கும், முடிந்ததும் செய்தி வரும். கருணைக்கு இப்போது பத்து நிமிடம் தேவையில்லை. அமைப்புக் கோப்பில் அந்த எண்ணுக்கு மேல், பின்னால் வருபவர்களுக்காக நான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: "முசிறி பஸ் வரும்வரை." சென்ற மாதம் இளைஞர் அந்தக் கோப்பைச் சீர்படுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதை அறுபதாக்கிடலாமா? இப்ப யாருக்கும் தேவையில்லையே."

"இருந்துட்டுப் போகட்டும்ப்பா" என்றேன். அவர் அடுத்த வரிக்குப் போனார்.