முன்னவர் பெயரில் ஒரு கையெழுத்து

போர்டு எழுதுகிறவருக்குத் தொழிலில் யார் மீதும் பொறாமை கிடையாது. எதிர்த்த கடைக்காரன் கம்ப்யூட்டரில் பேனர் அடித்து அவர் பிழைப்பில் பாதியை வாரிக்கொண்டு போனபோதுகூட, அவனுக்கும் வயிறு இருக்கிறதே என்று விட்டுவிட்டார். அவர் பொறாமை முழுவதும் ஒரே ஆளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஆள் செத்து ஆறு வருடம் ஆகிறது.

மனைவியின் முதல் கணவர். மனசுக்குள் அவரை 'முன்னவர்' என்றுதான் சொல்லிக்கொள்வார். கல்யாணமாகி இரண்டு வருடம். முன்னவரின் போட்டோவை யாரும் கேட்காமலேயே அவள் பரணில் வைத்துவிட்டாள். அடையாள அட்டையில்கூடத் தன் பெயருக்குப் பின்னால் போர்டுக்காரர் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். வங்கிக் கணக்கு மட்டும் பாக்கி. ஒவ்வொரு மாதமும் சம்பளம் ஏறியதும் அவள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். அதில் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு முன்னவர் வந்து நிற்பார். அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

வங்கிக்குப் போகலாம் என்றால், ஆஸ்பத்திரி லேபில் லீவு கிடைக்கவில்லை என்பாள். லீவாவது மண்ணாவது, விட மனசில்லை என்று இவர் முடிவு கட்டினார். அவள் டூட்டிக்குப் போனபின் பீரோவைக் குடைந்தார். தேதி தப்பாகி அவள் குறுக்கே அடித்துப்போட்ட பழைய காசோலை ஒன்று அகப்பட்டது. அதில் அவள் கையெழுத்து, முன்னவர் பெயரோடு. எழுத்தே தொழிலானவர் ஆயிற்றே, ஒவ்வொரு வளைவையும் வெறித்துப் பார்த்து வயிறெரிந்தார். ஒரு நாள் இல்லை, பல நாள்.

கடைசியில் கடிதத்தை அவரே எழுதினார். 'பொருள்: திருமணத்திற்குப் பின் சேமிப்புக் கணக்கில் பெயர் மாற்றம் கோருதல்.' கடை போர்டுக்குக்கூட அவ்வளவு அழகாக எழுதியதில்லை. திருமணப் பதிவுச் சான்று, புதிய அடையாள அட்டை, இரண்டுக்கும் நகல், பாஸ்புக், போட்டோ எல்லாம் இணைத்தார். அடியில் இன்னொரு தாளும் செருகினார். அவள் கையெழுத்துப் போட்டாள், புதுப் பெயரில். இவருக்குப் பாதி வயிறு குளிர்ந்தது.

அவளுக்கு ஒருவழியாக அரை நாள் லீவு கிடைத்த அன்று, வங்கியில் அதிகாரியம்மா அசலையும் நகலையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்து, அந்த அடித்தாளை மட்டும் உருவித் திருப்பிக் கொடுத்தார்.

"இறப்புச் சான்று யாரும் கேட்கலையே சார்."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையைப் படித்தார்.

அதோடு போகவில்லை. கடிதத்தில் புதுக் கையெழுத்து செல்லாதாம். வங்கியில் பதிவாகியிருக்கும் பழைய கையெழுத்தைப் போட்டால்தான் கணக்கு வைத்திருப்பவரே கேட்கிறார் என்று எடுத்துக்கொள்வார்களாம். புதியதைத் தனி அட்டையில் தரவேண்டுமாம். முன்னவரை வெளியேற்றுவதற்கு முன்னவர் பெயரையே எழுதவேண்டும். தன் கண்ணெதிரே அவள் அதை எழுதுவதைப் பார்க்க நேர்ந்ததே என்று அவருக்குக் குமைந்தது.

அவள் எழுதினாள். அதிகாரியம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, சேரவில்லை என்றார். மறுபடி எழுதினாள். அதுவும் சேரவில்லை. எல்லாவற்றுக்கும் கார்டும் போனும் என்று ஆனபின் அவள் அந்தக் கையெழுத்தைப் போட்டே வருடக்கணக்காகிறது. பதிவில் உள்ளதைக் கொஞ்சம் காட்டுங்களேன் என்றாள். காட்டக்கூடாது என்றார் அதிகாரியம்மா, வருத்தத்தோடுதான். வெறும் தாளில் எழுதிப் பழகிவிட்டு வரச் சொன்னார்.

ஓரத்து மேசையில் உட்கார்ந்து நாலைந்து தடவை கிறுக்கினாள். பேனா நின்றுவிட்டது.

"எனக்கு மறந்தே போச்சுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

இரண்டு வருடமாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டபோது இனிக்கவில்லை. அந்தக் கண்ணீர் யாருக்கு என்று அப்போதும் கணக்குப் பார்த்தது அவர் புத்தி. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"முதல் எழுத்தைப் பெருசா போடு. கையை எடுக்காம அவர் பேருக்குப் போ. கடைசி எழுத்தோட வாலை இடது பக்கமா இழுத்து அடியில கோடு போடு. கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி."

அவள் அப்படியே போட்டாள். போட்டதுமே கைக்குப் பழக்கம் திரும்பிவிட்டது போலிருந்தது. கடிதத்தில் மீண்டும் போட்டுக் கொடுத்தபோது அதிகாரியம்மா தலையாட்டி, ஒரு வாரத்தில் மாறிவிடும் என்று ரசீது கொடுத்தார். மாதிரி அட்டையில் புதுக் கையெழுத்தை அவள் மூன்று கட்டத்திலும் சடசடவென்று போட்டாள். மூன்றும் ஒரே அச்சு.

வெளியே படியிறங்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ரெண்டு புள்ளி வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் காசோலையைச் சொன்னார். பீரோவைச் சொன்னார். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

அவள் கோபப்படவில்லை. இறப்புச் சான்றை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் அவரை எப்பவோ அனுப்பிட்டேன். இவ்வளவு நாளா நீங்கதான் அவரோட குடும்பம் நடத்தியிருக்கீங்க."

சொல்லிவிட்டு டூட்டிக்கு நேரமாகிறதென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பீரோவிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்த காசோலையைத் தொட்டுப் பார்த்தபடி போர்டுக்காரர் படியிலேயே நின்றார். கிழித்துப் போட நினைத்தார், கை வரவில்லை.