மெயிலில் அவள் நீக்கிய வரி

நான் ஐந்தாவது வரை படித்தவன். என் மனைவி பத்தாவது. எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் அவளுடையது.

முதல் பதினாறு வருஷம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தேன். மண் ஏற்றிப் போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் வேலை. பிறகு பர்மனென்ட் ஆனேன். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மனு எழுதுகிற பழக்கம் வந்தது. ஷிப்ட் மாற்ற மனு. கூரை ஒழுகினால் மனு. லீவு நீட்ட மனு.

எந்த மனுவானாலும் அவள் ஒரு வரி சேர்ப்பாள். வீட்டில் கடுமையான உடல்நலக் குறைவு, கூட இருந்து கவனிக்க வேண்டியுள்ளது. பெரும்பாலும் என் அம்மா பேரில்தான். அம்மா அப்போது ஊரில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது.

"உங்கம்மாவ நான் பேப்பர்ல எத்தினி தடவ படுக்க வச்சிட்டேன். தெரிஞ்சா என்ன வூட்டுல சேக்காது" என்று சிரிப்பாள்.

நான் மனுவை அவள் கண்ணில் படாமல் எங்கேயும் கொடுத்ததில்லை. வேறு யாராவது எழுதிக் கொடுத்தாலும் அவள் படித்துத் திருத்திய பிறகுதான் கொண்டுபோவேன்.

போன வருஷம் பிப்ரவரியில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் என்னையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். ஆறு மாசம், கூடக் குறைய இருக்கலாம் என்றார். அவளிடம் அல்சர் என்று சொன்னோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மகள் நர்ஸ். பண்ருட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மருமகன் இங்கிலாந்தில் இஞ்சினியர். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான். அவர் முன்னால் போய்விட்டார். ஜூலையில் வீடு பார்த்துவிட்டு இவளை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. இவள் இங்கிலீஷ் பரீட்சையும் நர்ஸ்களுக்கான எழுத்துப் பரீட்சையும் இங்கேயே பாஸ் பண்ணிவிட்டாள். செய்முறைப் பரீட்சை மட்டும் பாக்கி. அதை அங்கே போய்த்தான் எழுத முடியும். எழுதினால்தான் அங்கே முழு நர்ஸ்.

மருமகன் ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று மார்ச்சில் தெரிந்தது. மெயிலில் எழுதிப் போட வேண்டும்.

மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து எழுதினாள். எனக்கு இரண்டாம் ஷிப்ட். கிளம்பும் முன்னால் கேட்டேன்.

"என்னம்மா எழுதியிருக்க?"

"நான் யாரு, என்ன படிச்சேன், எப்ப அங்க வரேன், எப்பலேர்ந்து வேலைக்கு சேர முடியும். அவ்ளோதாம்ப்பா."

"எப்ப சேர முடியும்னு போட்ட?"

அவள் உள் அறையைப் பார்த்தாள். அவள் அம்மா படுத்திருந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அதாம்ப்பா தெரியல. ஜூலைன்னு போட மனசு வரல. சும்மா அக்டோபர்னு போட்டா ஏன் இவ்ளோ நாள்னு நினைப்பாங்க."

"காரணத்த எழுது" என்றேன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு எழுது. மனுன்னா காரணம் வேணும்."

"இது மனு இல்லப்பா."

"கேக்கறதெல்லாம் மனுதான். எழுது."

எழுதினாள். நான் புரிந்துகொள்வதற்காகத் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளது இதுதான்.

என் கணவர் உங்கள் நகரத்தில் வேலை செய்கிறார். சில மாதங்களில் நான் அவருடன் வந்து சேர்கிறேன். கணவர் மூலமாக விசா கிடைப்பதால் நீங்கள் எனக்கு விசா எடுத்துத் தர வேண்டியதில்லை. மொழித் தேர்வும் எழுத்துத் தேர்வும் முடித்துவிட்டேன். செய்முறைத் தேர்வுக்கு உங்கள் பயிற்சியில் சேர விரும்புகிறேன். என் தாயாருக்குக் கடுமையான உடல்நலக் குறைவு. செப்டம்பர் வரை நான் அவருடன் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் வேலையில் சேர முடியும். இப்போது வேலை செய்யும் இடத்தில் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு விலக வேண்டும். அதற்கும் இதில் நேரம் இருக்கிறது.

படித்தேன். சரியாக இருந்தது. மகள் மறுநாள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "இதப் பாரு, சரியா இருக்கான்னு" என்று அவள் கையில் கொடுத்தேன்.

இருபது வருஷப் பழக்கம். கை அதுவாகக் கொடுத்துவிட்டது. உடல்நலக் குறைவு என்ற வரி எனக்கு மனுவில் வருகிற வரியாகத்தான் பட்டது. அது நிஜம் என்பதோ, அவளிடம் மறைத்தது என்பதோ அந்த நிமிஷம் தோன்றவில்லை. அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வாங்கிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

இரண்டு தடவை படித்தாள்.

"செப்டம்பர் வரைக்கும்னு யாரு சொன்னது? டாக்டரா?"

நான் தாளை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"நெனச்சேன். அல்சருக்கு எவன் பாண்டிக்கும் நெய்வேலிக்கும் இத்தினி தடவ காரு வைப்பான்?"

"அது சும்மா மனுவுக்கு எழுதினது" என்றேன்.

"எங்கிட்டயேவா" என்றாள்.

பேனா கேட்டாள். கொடுத்தேன். என் தாயாருக்கு என்று தொடங்கும் இடத்திலிருந்து அவருடன் இருக்க வேண்டும் என்பது வரை நேராக ஒரு கோடு போட்டாள். அக்டோபரை அடித்து ஆகஸ்ட் என்று எழுதினாள். வழக்கமான எழுத்துதான்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! அம்மாகிட்ட ஏம்ப்பா குடுத்த?"

"அவர ஏன் கேக்கற. இப்டி வா" என்றாள் அவள் அம்மா. "வேல கேக்கற எடத்துல வர முடியாததுக்குக் காரணம் எழுதுவாங்களா? படிச்சவதான நீ?"

"அங்கல்லாம் இதப் புரிஞ்சிப்பாங்கம்மா."

"உங்கப்பா கான்ட்ராக்ட்ல இருந்தப்ப உனக்கு ஜுரம்னு மேஸ்திரிகிட்ட சொன்னாரு. பத்து நாளுக்கு வேற ஆளப் போட்டுட்டான். அப்புறம் நான் எதையும் சொல்ல விட்டதில்ல. வூட்டுல ஒடம்பு சரியில்லன்னு எழுதறதெல்லாம் பர்மனென்ட் ஆனப்பறம். நீ இன்னும் உள்ளயே போவல."

"எனக்கு அந்த வேல வேணாம்மா."

"வேணாம்னா அப்புறம் அவரு ஒரு ஊர்லயும் நீ ஒரு ஊர்லயும் உக்காந்துகினு இருப்பீங்களா? என்னிக்கி முடியும்னு என் மூஞ்சியப் பாத்துகினா?"

மகள் அழுதாள். அவள் அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, "ஷிப்டுக்கு நேரமாச்சு, பஸ்ஸ விட்டுடப்போறீங்க" என்றாள்.

கம்பெனி பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து ஆள் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று நினைவில்லை.

மெயில் அவள் திருத்தியபடியே போனது. ஒரு வாரத்தில் பதில் வந்தது. வீடியோவில் இன்டர்வியூ வைத்தார்கள். வேலை கிடைத்தது. ஆகஸ்ட் பயிற்சியில் சேரச் சொன்னார்கள்.

ஜூலை கடைசியில் மகள் கிளம்பினாள். மந்தாரக்குப்பத்து வாடகைக் கார். அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். "குளுரு ஊராம், காத மூடிக்கோ" என்றாள். அவ்வளவுதான். கார் திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே கூட்டிப்போனபோது மூட்டை தூக்கினவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

அதற்குப் பிறகு நான் அதிகம் லீவு எடுத்தேன். கஞ்சி வைத்தேன். மகள் தினமும் வீடியோவில் வருவாள். அந்த நேரத்துக்கு முன்னால் அவள் அம்மா என்னைத் தலை சீவிவிடச் சொல்வாள். தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைப்பேன். "இன்னிக்கி ரெண்டு இட்லி சாப்ட்டேன்" என்பாள். சாப்பிட்டிருக்க மாட்டாள்.

செப்டம்பர் பாதியில் ஒருநாள் காலை போய்விட்டாள். டாக்டர் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரி.

மகளுக்கு நானே போன் பண்ணினேன். மறைக்கவில்லை. இதுவரை மறைத்தது போதும் என்றிருந்தது. அவளுக்குச் செய்முறைப் பரீட்சை நான்கு நாளில். "வரேம்ப்பா, வச்சிருங்க" என்றாள்.

ஐஸ் பெட்டியில் ஒருநாள் வைத்திருந்தோம். மறுநாள் மாலைக்கு மேல் வேண்டாம் என்று மைத்துனர்கள் சொன்னார்கள். மகளுக்கு நேர் விமானம் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு ஊரில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கிருந்தே அம்மாவை எடுப்பதை வீடியோவில் பார்த்தாள். யாரோ ஒரு பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை சுடுகாட்டில் பால் தெளிக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். சாம்பல்தான் இருந்தது.

அந்த வாரத்தில் லீவு மனு கொடுக்கப் போனேன். நானே எழுதினேன். வாழ்க்கையில் முதல் மனு. மனைவி இறந்துவிட்டதால் லீவு வேண்டும், இவ்வளவுதான். ஆபீஸில் இருந்தவர் பல வருஷமாக என் மனுக்களை வாங்குகிறவர். தாளைப் பார்த்தார். "எழுத்து வேறயா இருக்கே..." என்று ஆரம்பித்தவர் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு மகளும் நானும் மட்டும் இருந்தோம். அவள் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"பரீட்சை போச்சா?"

"இல்லப்பா. தள்ளி வச்சிக் குடுத்துட்டாங்க. ஏர்போர்ட்டுக்குப் போற வழியில எல்லாத்தையும் எழுதி ஒரு மெயில் போட்டேன். ஒரு மணி நேரத்துல பதில் வந்துது."

"என்னன்னு?"

போனை எடுத்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள்.

"உங்கம்மா இறந்ததுக்கு வருத்தப்படறோம். பரீட்சைய நாங்க மாத்திக்கறோம். வேலை எங்கயும் போவாது, வேணுங்கற நாள் இருந்துட்டு வாங்க." நிறுத்தினாள். பிறகு மீதியைச் சொன்னாள். "அம்மா இப்டி இருக்காங்கன்னு முன்னாடியே எழுதியிருந்தா அக்டோபர் பயிற்சியிலேயே சேத்திருப்போம். வருஷத்துல நாலு தடவ நடத்தறோம்."

ஜன்னலுக்கு வெளியே ஷிப்ட் பஸ் போனது.

"அம்மாவுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

"தெரியாது."

"நானாவது அம்மாவுக்குத் தெரியாம அந்த வரியப் போட்டு அனுப்பியிருக்கணும்."

அந்தத் தாளை அவளிடம் கொடுத்தது நான். மகள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. மார்ச்சில் கேட்டதோடு சரி.

மறுநாள் அவள் கிளம்பினாள். பெட்டியைக் காரில் வைத்தேன். வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். காதை மூடிக்கொள்ளச் சொன்னேன்.